பிள்ளையின் இனத்தைப் பள்ளி ஏன் கேட்கிறது?

அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்ப்பதற்கான படிவத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி, தடுப்பூசி விவரம் ஆகியவற்றோடு இனத்தைப் பற்றிய கேள்வியும் இருக்கும். பெரும்பாலான பெற்றோர் ஒரு கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். சிலர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அவளுடைய இனம் எதற்குத் தெரிய வேண்டும், அந்த விவரம் யார் கைக்குப் போகும், எழுதாமல் விட்டால் இடம் மறுக்கப்படுமா என்பவையே அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்.

மதுரையிலிருந்து போன ஒரு தாயும், மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு தந்தையும் தங்கள் மகளைப் பள்ளியில் சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், அவர்களுடைய கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"எங்கள் மகளின் சேர்க்கைப் படிவத்தில் இனம் குறித்த இரண்டு கேள்விகளை நாங்கள் இன்னும் நிரப்பவில்லை. அவள் தாய் வழியில் தமிழ், தந்தை வழியில் மெக்சிகன். படிவத்திலுள்ள எந்தக் கட்டமும் அவளுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. இந்த விவரத்தை எந்தச் சட்டத்தின்படி கேட்கிறீர்கள், சேர்க்கையை முடிவு செய்பவர்கள் இதைப் பார்ப்பார்களா, நாங்கள் விடை தராவிட்டால் என்ன நடக்கும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்."

இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடைகள் உண்டு. ஆனால் அவற்றைப் படிவத்தில் அச்சிடுவதில்லை என்பதால்தான் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி எங்கிருந்து வந்தது

1954 மே 17 அன்று, பிரவுன் வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் தனித்தனி அரசுப் பள்ளிகள் நடத்துவது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் பல ஊர்களில் பள்ளிகள் பழையபடியே நடந்தன. 1964-இல் வந்த குடியுரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி, கூட்டரசின் பணத்தைப் பெறும் எந்த நிறுவனமும் இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. ஒரு பள்ளி மாவட்டம் இந்தச் சட்டத்தை மதிக்கிறதா என்று அறிய, எந்தப் பள்ளியில் எந்த இனப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற கணக்கு தேவைப்பட்டது. பிரித்து வைப்பதற்காக ஒரு காலத்தில் கேட்கப்பட்ட அதே கேள்வி, பிரித்து வைப்பதைக் கண்டுபிடிப்பதற்காக மறுபடியும் படிவத்துக்குள் வந்தது இப்படித்தான். 1968 முதல் குடியுரிமைகளுக்கான அரசு அலுவலகம் பள்ளிகளிடமிருந்து இந்தக் கணக்கை வாங்கிவருகிறது.

கணக்கு இல்லாவிட்டால் தெரியாமலே போகும் செய்திக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2013-14 கல்வியாண்டில், அரசுப் பள்ளிகளின் மழலையர் வகுப்புகளில் படித்தவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் 19 சதவீதம். ஆனால் தண்டனையாக ஒரு முறையாவது பள்ளிக்கு வர வேண்டாம் என்று அனுப்பப்பட்ட மழலைகளில் அவர்கள் 47 சதவீதம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு தண்டனைக்கும் ஆசிரியர் ஒரு காரணம் சொல்லியிருப்பார். மொத்தமாக எண்ணிப் பார்த்தபோதுதான் நான்கு வயதுப் பிள்ளைகளிடம்கூட அந்த வேறுபாடு தெரிந்தது. இனக் கட்டம் படிவத்தில் இல்லையென்றால் இந்த இரண்டு எண்களும் கிடைத்திருக்காது.

படிவத்தின் இரண்டு கேள்விகள்

இப்போது பள்ளிகளில் பெரும்பாலும் புழங்கும் கேள்வி வடிவம், அமெரிக்கக் கல்வித் துறை 2007 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலிருந்து வந்தது. 2010-11 கல்வியாண்டிலிருந்து பள்ளிகள் அதன்படி கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் கேள்வி, பிள்ளை ஹிஸ்பானிய அல்லது லத்தீனோ வழியில் வந்தவரா என்பது. மெக்சிகோ, கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, தென் அமெரிக்க நாடுகள் போன்றவற்றைப் பூர்வீகமாகக் கொண்டவர்களை இது குறிக்கும். ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். இரண்டாவது கேள்வி இனம். அதில் ஐந்து கட்டங்கள்: அமெரிக்கப் பழங்குடியினர், ஆசியர், கறுப்பினத்தவர், ஹவாய் மற்றும் பசிபிக் தீவினர், வெள்ளையர். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களிலும் குறியிடலாம்.

இந்தியாவிலிருந்து புதிதாகப் போகிறவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு. பழங்குடியினருக்கான கட்டத்தில் 'அமெரிக்கன் இந்தியன்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அமெரிக்காவில் வாழும் இந்தியர் என்று பொருள்கொண்டு அதில் குறியிட்டுவிடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்குரிய கட்டம் 'ஆசியர்'. சீனர், கொரியர், வியட்நாமியர், பாகிஸ்தானியர் எல்லாரும் அதே கட்டத்தில்தான் வருவார்கள்.

தமிழ்நாட்டில் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகம் விசாரித்துத் தருகிறது. இந்தப் படிவத்துக்கு அப்படி எந்தச் சான்றும் கேட்பதில்லை. பெற்றோர் எழுதுவதே விடை. பழங்குடியினர் கட்டத்துக்கு மட்டும், வட, மத்திய, தென் அமெரிக்கப் பழங்குடி மரபில் வந்தவராகவும், குலத்தோடு அல்லது சமூகத்தோடு தொடர்பு உடையவராகவும் இருக்க வேண்டும் என்ற விளக்கம் உண்டு.

ஒரே மக்கள், மாறும் கட்டங்கள்

'எந்தக் கட்டமும் பொருந்தவில்லை' என்று கடிதத்தில் வரும் வரி வீம்புக்காக எழுதியதல்ல. இந்தியர்களை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதில் அமெரிக்க அரசே பலமுறை மனம் மாறியிருக்கிறது. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர் சட்டத்தின் பொருளில் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1930, 1940 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இந்து' என்பது ஓர் இனமாகவே இருந்தது. சீக்கியரும் முஸ்லிம்களும் அதற்குள் அடக்கப்பட்டார்கள். 1970 கணக்கெடுப்பில் இந்தியர் வெள்ளையரோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள். இந்திய வம்சாவளி அமைப்புகள் முறையிட்ட பிறகு 1980-இல் 'ஆசிய இந்தியர்' என்ற தனிக் கட்டம் வந்தது. அறுபது ஆண்டுக் காலத்தில் அந்த மக்கள் மாறவில்லை. எண்ணும் அலுவலகத்தின் தேவைதான் மாறியது. ஆகவே இந்தக் கட்டங்கள் உடற்கூறு சொல்லும் உண்மையும் அல்ல, ஒரு குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையும் அல்ல. கூட்டரசின் வழிகாட்டு நெறிகளும் இவற்றைச் சமூக அடிப்படையில் வகுத்த பிரிவுகள் என்றே குறிப்பிடுகின்றன. அறிவியல் அடிப்படையில் வகுத்தவை என்று சொல்வதில்லை.

குறியிட்ட பிறகு நடப்பது

அந்த மதுரைத் தாயும் மெக்சிகன் தந்தையும் முதல் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்து, இரண்டாவதில் 'ஆசியர்', 'வெள்ளையர்' என்ற இரண்டிலும் குறியிடுகிறார்கள் என்று கொள்ளலாம். மூன்று விடைகளும் பள்ளியின் ஆவணத்தில் அப்படியே பதிவாகும். ஆனால் கூட்டரசுக்குப் போகும் கணக்கில் ஒரு பிள்ளை ஒரு முறைதான் எண்ணப்பட வேண்டும். அதற்காக மாணவர்கள் எல்லாரையும் ஏழு பிரிவுகளில் அடைக்கிறார்கள். முதல் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை இருந்தால், இரண்டாவதில் என்ன குறித்திருந்தாலும் பிள்ளை 'ஹிஸ்பானியர்' பிரிவில் மட்டுமே எண்ணப்படும். 'இல்லை' என்று இருந்தால்தான் இரண்டாவது கேள்வி கணக்குக்கு வரும். அதில் ஒரு கட்டம் என்றால் அந்த இனம், இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 'ஒன்றுக்கு மேற்பட்ட இனம்' என்ற ஏழாவது பிரிவு.

ஆகவே அந்தப் பிள்ளை அறிக்கையில் ஹிஸ்பானியச் சிறுமி. தாயின் வழி அங்கே தெரியாது. தந்தை மெக்சிகன் அல்லாமல் கறுப்பின அமெரிக்கராக இருந்திருந்தால் அதே பிள்ளை 'ஒன்றுக்கு மேற்பட்ட இனம்' என்று எண்ணப்பட்டிருப்பாள். அந்தப் பிரிவில் எந்த இரண்டு இனங்கள் என்ற விவரமே இருக்காது. பள்ளியின் அறிக்கையைப் படிக்கும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும். 'ஆசியர்' என்ற வரியில் உள்ள எண், ஆசிய வழி உள்ள எல்லாப் பிள்ளைகளையும் காட்டுவதில்லை.

இந்தக் குறை அரசுக்கும் தெரியும். 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட நெறி, இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கி, ஹிஸ்பானியரை மற்றவற்றோடு சம வரிசையில் வைத்து, அதுவரை வெள்ளையராகக் கணக்கிடப்பட்டுவந்த மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க மக்களுக்குத் தனிக் கட்டம் தந்தது. புதிய வடிவம் எல்லாத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்துசேரச் சில ஆண்டுகள் தரப்பட்டன. சில மாநிலங்கள் தாமாகவே கூடுதல் விவரம் கேட்கின்றன. கலிபோர்னியாவில் 'ஆசியர்' என்பதற்குள் ஆசிய இந்தியர், சீனர், மொங், கம்போடியர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. சேர்த்து எண்ணும்போது நன்றாகப் படிக்கும் ஒரு குழுவின் மதிப்பெண், பின்தங்கிய இன்னொரு குழுவின் நிலையை மறைத்துவிடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

கட்டத்தைக் காலியாக விட்டால்

கடிதம் எழுதும் பெற்றோர் பலரும் எதிர்பாராத விடை இங்கேதான் இருக்கிறது. இனத்தைச் சொல்லாததற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. கல்வித் துறையும் நீதித் துறையும் 2014 மே மாதம் கூட்டாக அனுப்பிய சுற்றறிக்கை, பெற்றோர் இன விவரம் தர மறுத்தாலும் மாவட்டம் சேர்க்கையைத் தடுக்கக் கூடாது என்று சொன்னது. ஆனால் காலியாக விட்ட கட்டம் காலியாகவே இருப்பதில்லை. 2007 வழிகாட்டுதலின்படி, பெற்றோருக்குப் போதிய வாய்ப்புத் தந்தும் விடை வராவிட்டால், கடைசி வழியாகப் பள்ளி ஊழியர் ஒருவர் பிள்ளையைப் பார்த்துக் குறிக்கலாம். பெயர், தோற்றம், பழைய பள்ளியின் ஆவணம், வீட்டில் பேசும் மொழி ஆகியவற்றை வைத்து அவர் ஊகிப்பார். கல்லூரி மாணவர்களுக்கு 'தெரியவில்லை' என்றொரு பிரிவு உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இல்லை.

இதற்கு அரசு சொல்லும் காரணம், காலியிடங்கள் பெருகினால் கணக்கு கெட்டுவிடும் என்பது. பாகுபாடு நடக்கும் பள்ளியிலேயே விடை தராதவர்கள் மிகுதியாக இருந்தால், அந்தப் பாகுபாடு எண்களில் தெரியாமல் போகும். அதே சமயம், பார்த்துக் குறிப்பதில் பிழை வருவது இயல்பு. அந்த மதுரைத் தாயின் மகளைப் பார்க்கும் எழுத்தர் அவளை ஹிஸ்பானியச் சிறுமி என்று நினைக்கலாம், ஆசியச் சிறுமி என்று நினைக்கலாம், கறுப்பினச் சிறுமி என்றும் நினைக்கலாம். இனத்தைச் சொல்ல மாட்டோம் என்ற பெற்றோரின் முடிவு, இனத்தை வேறொருவர் சொல்வதில் முடிகிறது. அதனால்தான் பிழை வருவதைவிடத் தாங்களே குறிப்பது மேல் என்று, கேள்வியை ஏற்காத பெற்றோர்கூடச் சிலர் முடிவு செய்கிறார்கள்.

எண்ணுவதும் தேர்ந்தெடுப்பதும்

கடிதத்தின் நடுக் கேள்வியே மூன்றில் மிகவும் கனமானது. சேர்க்கையை முடிவு செய்பவர்கள் இந்த விடையைப் பார்க்கிறார்களா? இதற்குச் சட்டம் வகுத்த எல்லை 2007 ஜூன் 28 அன்று வெளிவந்த தீர்ப்பில் இருக்கிறது. சியாட்டில், லூயிவில் ஆகிய இரண்டு நகரங்களின் பள்ளி மாவட்டங்கள் மீது பெற்றோர் தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் ஒன்றாக விசாரித்தது.

சியாட்டிலில் பத்து அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருந்தன. ஒரு பள்ளிக்கு இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடும்போது, அங்கே அண்ணனோ அக்காளோ படிக்கும் பிள்ளைக்கு முதலிடம். அடுத்தபடியாக, பள்ளியின் இனச் சமநிலைக்கு உதவும் பிள்ளைக்கு இடம். அந்தச் சமநிலையைக் கணக்கிட மாவட்டம் பிள்ளைகளை வெள்ளையர், வெள்ளையர் அல்லாதவர் என்று இரண்டாக மட்டும் பிரித்தது. இதனால் விளையும் முரண் தீர்ப்பிலேயே சுட்டிக்காட்டப்பட்டது. பாதி ஆசியர், பாதி வெள்ளையர் என்று இருந்து ஒரு கறுப்பினப் பிள்ளைகூட இல்லாத பள்ளி சமநிலை உள்ளதாகக் கருதப்படும். ஆசியர், கறுப்பினத்தவர், லத்தீனோ, வெள்ளையர் என்று நால்வரும் நன்கு கலந்திருக்கும் பள்ளியில் வெள்ளையர் 20 சதவீதமே என்றால் அது சமநிலை இல்லாததாகிவிடும். லூயிவில்லில், மழலையர் வகுப்புப் பிள்ளை ஒன்று வீட்டுக்கு அருகிலுள்ள வேறு பள்ளிக்கு மாற்றம் கேட்டபோது, இனச் சமநிலை கெடும் என்று மறுக்கப்பட்டிருந்தது.

ஐந்துக்கு நான்கு என்ற பிரிவில், இரண்டு மாவட்டங்களின் முறைகளும் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் பெரும்பான்மைக்கு ஐந்தாவது வாக்காக இருந்த நீதிபதி ஆன்டனி கென்னடி தனியாக எழுதிய கருத்தில் ஒரு வேறுபாட்டை வகுத்தார். ஒரு தனிப் பிள்ளைக்கு இடம் தருவதா மறுப்பதா என்பதை இனத்தை வைத்து முடிவு செய்வது வேறு. சேர்க்கையையும் தேர்ச்சியையும் இனவாரியாகக் கணக்கெடுத்துக் கண்காணிப்பது வேறு. இரண்டாவதை அவர் ஏற்றார். படிவத்தில் இனக் கேள்வி நீடிப்பதற்கு இந்த வேறுபாடு வழிவிடுகிறது. விடை பள்ளியின் கணக்கேட்டுக்குப் போகலாம். இடம் தரும் மேசைக்குப் போகக் கூடாது.

பெற்றோருக்குச் சந்தேகம் வருவதற்குக் காரணம், இரண்டும் ஒரே தாளில் இருப்பதுதான். விண்ணப்பமும் கணக்கெடுப்பும் ஒரே படிவமாக இருந்தால், விடை எங்கே போகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இடம் உறுதியான பிறகு தரும் தனித் தாளில் இனக் கேள்வியைக் கேட்கும் பள்ளியிடம் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் எழுவதில்லை. எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பள்ளியில் தேர்வு என்ற பேச்சே இல்லாததால், கேள்வி முதல் நாளே வந்தாலும் தீங்கு குறைவு. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளியில், இடம் முடிவாகும் முன்பே கேள்வி வந்தால், அதற்கு விளக்கம் கேட்பது நியாயம்.

தனியார் பள்ளிகளுக்கு விதி கொஞ்சம் மாறும். இனத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையை மறுக்க அவற்றுக்கும் உரிமை இல்லை என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரிவிலக்குப் பெறும் தனியார் பள்ளிகள், தங்கள் மாணவர்களில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்ற பதிவை வைத்திருக்க வேண்டும் என்று வருமான வரித் துறையின் 1975 விதி சொல்கிறது. ஆனால் கையிலுள்ள விவரங்களை வைத்துத் தோராயமாக மதிப்பிட்டால் போதும், இதற்கென்று மாணவர்களிடம் புதிதாக விவரம் கேட்க வேண்டியதில்லை என்றும் அதே விதி சொல்கிறது. எனவே 'வரித் துறை கேட்கிறது, கட்டாயம் எழுதுங்கள்' என்று ஒரு தனியார் பள்ளி பதில் தந்தால் அது முழு விடை ஆகாது.

பதிலை எப்படிப் படிப்பது

பள்ளியின் பதிலில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும். முதலாவது, கேட்பது யார் என்பது. கூட்டரசின் கணக்குக்காகவா, மாநிலத்தின் கூடுதல் கணக்குக்காகவா, பள்ளியே தன் விருப்பத்தில் கேட்கிறதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். படிவத்தில் உள்ள கட்டங்கள் மேலே சொன்ன ஐந்தோடும் மாநிலப் பட்டியலோடும் ஒத்துப்போகாவிட்டால், அது பழைய படிவம், அல்லது பள்ளி தானாகச் சேர்த்த கேள்வி என்று அறியலாம். இரண்டாவது, சேர்க்கை முடிவில் இந்த விடைக்குப் பங்கு இல்லை என்ற நேரடியான வாக்கியம். 'பன்முகத்தன்மையைப் போற்றுகிறோம்' என்ற பொதுப் பேச்சு அதற்கு ஈடாகாது. மூன்றாவது, விடை தராவிட்டால் யார், எப்படிக் குறிப்பார் என்பதும், குறித்ததைப் பெற்றோருக்குத் தெரிவிப்பார்களா என்பதும்.

விவரம் பின்னால் வேறு வேலைக்குப் பயன்படுமோ என்ற அச்சத்துக்கு வரலாற்றில் இடம் உண்டு. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள், 1942-இல் ஜப்பானிய அமெரிக்கர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று கண்டறிந்து முகாம்களுக்கு அனுப்ப உதவின. பள்ளியிலிருந்து வெளியாகும் அறிக்கைகளில் பெயர் இருப்பதில்லை. ஒரு பிரிவில் மிகச் சில பிள்ளைகளே இருந்தால் அந்த எண்ணையும் மறைத்துவிடுகிறார்கள். ஒரு வகுப்பில் இரண்டே ஆசியப் பிள்ளைகள் என்றால், அவர்களுடைய மதிப்பெண் யாருடையது என்று ஊரே ஊகித்துவிடும் அல்லவா? எத்தனை பேருக்குக் கீழே இருந்தால் மறைப்பது என்பதை மாநிலங்கள் முடிவு செய்கின்றன.

பெற்றோரின் கையில் உள்ள கருவி, 1974-இல் வந்த கல்வி ஆவண உரிமைச் சட்டம். பிள்ளையின் ஆவணத்தைப் பார்க்கப் பெற்றோர் கேட்டால் 45 நாட்களுக்குள் பள்ளி காட்ட வேண்டும். அதில் தவறு இருந்தால் திருத்தக் கோரலாம். பள்ளி மறுத்தால் விசாரணை கேட்கலாம். படிவத்தில் பெற்றோர் எழுதிய மூல விடைகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2007 வழிகாட்டுதல் சொல்வதால், அறிக்கையில் ஒன்றாக்கப்பட்ட விடை முதலில் எப்படி இருந்தது என்பதையும் அதுவரை சரிபார்க்க முடியும். மதுரைத் தாயின் மகள் அரசின் ஏழு பிரிவுகளில் ஹிஸ்பானியச் சிறுமியாகவே எண்ணப்படுவாள். அதைக் கடிதம் மாற்றாது. ஆனால் பள்ளியின் கோப்பில் இருக்கும் மூன்று குறிகளும் தாங்கள் இட்டவைதானா, அவளைப் பார்த்து யாரோ இட்டவையா என்பதை அந்தப் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.